செய்தேன், செய்தோம்

கடிதம் எழுதுவது சகாய பிரியாவுக்குப் புதிதல்ல. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அந்த அறக்கட்டளையில் அவள் பதினேழு வருடமாக வேலை செய்கிறாள். பிறவியிலேயே கை கால் இறுக்கத்தோடும் வளர்ச்சித் தாமதத்தோடும் இருக்கும் குழந்தைகளுக்குச் சிகிச்சைப் பயிற்சி கொடுக்கும் மையங்களை அது நடத்துகிறது. கடலூரில் ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று, மங்கலம்பேட்டையில் ஒன்று. மூன்றுக்கும் பிரியாதான் மூத்த மேலாளர். நிதி கொடுப்பவர்களுக்கு, கலெக்டர் ஆபீஸுக்கு, ஆஸ்பத்திரிகளுக்கு என்று வாரம் பத்துக் கடிதமாவது அவள் எழுதுவாள். ஆனால் தன்னைப் பற்றித் தானே இரண்டு பக்கம் எழுத உட்கார்ந்தபோதுதான் கை ஓடவில்லை.

இயக்குநர் சவரிராயன் டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். புதிய இயக்குநருக்கு வெளியிலும் உள்ளேயும் விண்ணப்பம் கேட்டு அறங்காவலர் குழு விளம்பரம் கொடுத்திருந்தது. தன்விவரம், மூன்று பேரின் பரிந்துரை, அதோடு ஒரு கடிதம். கடிதம் இரண்டு பக்கத்துக்கு மிகக்கூடாது. இதுவரை செய்தது என்ன, இனி அறக்கட்டளையை எங்கே கொண்டுபோக நினைக்கிறீர்கள், இரண்டும் அதில் இருக்க வேண்டும். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். தேர்வுக்குழுவில் மூன்று பேர். சவரிராயன் அதில் இல்லை. "என் இடத்துக்கு ஆள நானே பொறுக்கினா நல்லா இருக்காது" என்று அவரே ஒதுங்கிக்கொண்டார்.

பிரியா முதல் வரைவைத் தன் கணவன் லியோவிடம் காட்டினாள். லியோ குடிகாட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் உற்பத்திப் பிரிவைப் பார்ப்பவன். வேலைக்கு ஆள் எடுப்பதும் அவன் வேலையில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் படித்தான்.

"இன்னாடி இது? எல்லாம் செய்தேன், கொண்டுவந்தேன், உயர்த்தினேன்னே முடியுது. அந்த ஆபீஸ்ல உன்னத் தவிர வேற ஆளே இல்லியா?"

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்று மாலையே இன்னொரு வரைவு எழுதினாள். அதையும் அவன் படித்தான்.

"இப்ப எல்லாம் செய்தோம், கொண்டுவந்தோம். படிக்கிறவன் என்னா நெனைப்பான்? இந்தம்மா கூட்டத்துல நின்னாங்க போலன்னு நெனைப்பான். நீ செஞ்சது எது, எல்லாரும் சேந்து செஞ்சது எது, அத சொல்லு."

"சிதம்பரம் நான் செஞ்சதுதான். அது எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப அத தைரியமா போடு. ஆனா ஒண்ணு. நம்பர் போட்டா கையில ஆதாரம் வெச்சிக்கோ. நானா இருந்தா மொதல்ல அதத்தான் தோண்டுவேன்."

சிதம்பரம் கதை அறக்கட்டளையில் எல்லோருக்கும் மனப்பாடம். ஏழு வருடம் முன்னால் அந்த மையத்தில் நூறு நாள் வர வேண்டிய குழந்தை ஐம்பத்தொரு நாள்தான் வந்தது. பயிற்சி விட்டுப்போனால் நிமிர்ந்த முதுகு மறுபடியும் வளைந்துவிடும். பிரியா ஒரு ஏற்பாடு செய்தாள். முதல் நாள் சாயங்காலம் ஒவ்வொரு தாய்க்கும் மையத்திலிருந்து போன் போகும். நாளைக்கு வருகிறீர்களா, என்ன கஷ்டம் என்று கேட்பார்கள். அடுத்த மார்ச்சில் வருகை எண்பத்தொன்று சதவீதம். ஆண்டறிக்கையில் அவள் படத்தோடு வந்தது. அதற்குப் பிறகு நிதி கொடுப்பவர்கள் யார் வந்தாலும் சவரிராயன் அதைத்தான் முதலில் சொல்வார்.

லியோ சொன்னது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாள். மையத்துக்கு மாதம் ஒரு முறை போவது வழக்கம் என்பதால் யாரும் ஆச்சரியப்படவில்லை.

மையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போகும் தூரம். காலை நேரத்து நெரிசலில் சைக்கிள்களையும் ஆட்டோக்களையும் தாண்டி உள்ளே நுழைந்தபோது, இயன்முறைச் சிகிச்சையாளர் செந்தமிழ்செல்வன் பாயில் உட்கார்ந்து ஒரு சின்னப் பெண்ணின் முழங்காலை மெல்ல நீட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடமாக இதே மையத்தில் இருப்பவர். பழைய வருகைப் பதிவேடுகள் வேண்டும் என்று கேட்டதும் அலமாரியைக் காட்டினார்.

"2018 கீழ்த்தட்டுல இருக்கு மேடம். தூசு ஜாஸ்தி, பாத்து எடுங்க."

பதிவேடுகளை மாதவாரியாகக் கூட்டி, கால்குலேட்டரில் தட்டி, சதவீதத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தாள். ஏப்ரல் ஐம்பத்தொன்று. மே ஐம்பது. ஜூன் ஐம்பத்தாறு. ஜூலை அறுபத்துமூன்று. ஆகஸ்ட் அறுபத்தொன்பது. செப்டம்பர் எழுபத்திரண்டு.

அங்கே நிறுத்தினாள். தன் கம்ப்யூட்டரைத் திறந்து பழைய மின்னஞ்சலைத் தேடினாள். போன் செய்யும் ஏற்பாடு தொடங்கியது அக்டோபர் முதல் தேதி.

தப்பாகக் கூட்டிவிட்டோமோ என்று ஜூலையை மறுபடி கூட்டினாள். அறுபத்துமூன்றுதான். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து மற்றப் பிள்ளைகள் போய்விடுவதால் தாய்மாருக்கு வசதியாக இருந்திருக்குமோ? முந்தைய வருடத்துப் பதிவேட்டை எடுத்தாள். அந்த ஜூன் மாதத்தில் ஒரு ஏற்றமும் இல்லை. மழை, வெயில், திருவிழா, எதுவும் பொருந்தவில்லை. அவள் ஏற்பாடு தொடங்குவதற்கு முன்பே ஐம்பத்தொன்று எழுபத்திரண்டு ஆகியிருந்தது. அதற்குமேல் எழுபத்திரண்டு எண்பத்தொன்று ஆனது மட்டும்தான் போனுக்குப் பிறகு நடந்தது.

அப்படியானால் ஒரு கேள்வி மிஞ்சியது. அந்த ஜூனில் என்னதான் நடந்தது?

மதியம் குழந்தைகள் போன பிறகு செந்தமிழ்செல்வனிடம் தாளைக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

"தெரியும் மேடம்."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஒரு சர்க்குலர் அனுப்பியிருந்தீங்க. அதனாலதான்."

அவர் எழுந்துபோய் ஒரு கோப்பைக் கொண்டுவந்தார். 2018 ஜூலை. பிரியாவின் கையெழுத்து. 'சிதம்பரம் மையத்தில் குழந்தைகளுக்கு நாள் ஒதுக்குவதில் ஒழுங்கு இல்லை என்று ஆய்வில் தெரிகிறது. ஒரே வகைப் பாதிப்பு உள்ள குழந்தைகளை ஒரே நாளில் வரச்சொல்லும் பழைய முறையை உடனே பின்பற்ற வேண்டும்.' அவளுக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"இத நாங்க அமல்படுத்தவே இல்ல மேடம்" என்றார் செந்தமிழ்செல்வன். "ஃபைல்ல போட்டுட்டு, அப்பிடியே விட்டுட்டோம்."

"எத அப்பிடியே விட்டீங்க?"

"அத இருசம்மா அக்காகிட்டதான் கேக்கணும்."

இருசம்மாள் மையத்தின் உதவியாளர். கூட்டுவது, பாய் விரிப்பது, குழந்தைகளைத் தூக்கி இறக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. பின்கட்டில் பாய்களைக் கழுவிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தவர், பிரியா வந்து கேட்டதும் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"நான் ஒண்ணும் தப்பா செய்யலியே மேடம்?"

"தப்பு இல்லக்கா. தெரிஞ்சிக்கத்தான் கேக்கறேன். அந்த ஜூன் மாசம் என்னா மாத்துனீங்க?"

இருசம்மாளுக்கு நினைவு வர நேரமாயிற்று. "வரவேற்புல இருந்த பொண்ணு பிரசவத்துக்குப் போயிட்டா இல்ல, அப்பவா? செல்வன் சார் என்னய வர வேண்டிய நாளு சீட்டு எழுதித் தரச் சொன்னாரு. எந்தப் புள்ளைக்கு என்னா நோவுன்னு அந்த லிஸ்ட்டுல இங்கிலீசுல இருந்துச்சு. எனக்கு எங்க தெரியும்? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எந்தப் புள்ள எந்த பஸ்ல வருதுன்னுதான். அதான் கிள்ளை பஸ்ஸுக்குத் திங்கக்கெழமை, புவனகிரிக்கு செவ்வாக்கெழம, காட்டுமன்னார்கோயிலுக்கு புதன்னு போட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா அதுக்கு அப்பறம் அவுங்க ஒண்ணா வர ஆரம்பிச்சாங்க மேடம். எட்டு வயசுப் புள்ளய இடுப்புல வெச்சிகினு ஒருத்தியா பஸ் ஏற முடியுமா? கண்டக்டர் விசில் ஊதுவான். மூணு பேரா வந்தா ஒருத்தி ஏறி நின்னு வாங்கிக்குவா, இன்னொருத்தி பைய புடிச்சிக்குவா. ஒருத்தி வரலன்னா மத்தவ வீட்டுக்கே போயி கூப்புட்டுகினு வந்துருவா."

பிரியா செந்தமிழ்செல்வன் பக்கம் திரும்பினாள். "ஒரே நாள்ல எல்லா வகைக் குழந்தையும் வந்தா உங்களுக்குத்தான கஷ்டம்?"

"கஷ்டம்தான். அறையையே மூணாப் பிரிச்சி பாய் போட வேண்டியதாச்சு. மொத ரெண்டு மாசம் நான் அக்காவத் திட்டிகினேதான் இருந்தேன். அப்பறம் புள்ளைங்க வர்றது ஜாஸ்தி ஆச்சா, வாய மூடிக்கிட்டேன்." அவர் சற்றுத் தயங்கினார். "சர்க்குலர் வந்தப்ப உங்களுக்கு எழுதலாம்னு பாத்தேன். நீங்க இன்னா சொல்லுவீங்களோன்னு விட்டுட்டேன். பின்னாடி போன் ஏற்பாடு வந்து, அதுக்குதான் பேருன்னு ஆயிப்போச்சு."

கடலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். இன்னொரு விஷயம் அவள் மண்டையைக் குடைந்தது. மங்கலம்பேட்டை. சிதம்பரத்தின் வெற்றியைப் பார்த்து அங்கேயும் போன் ஏற்பாட்டைக் கொண்டுபோனார்கள். நாற்பத்தெட்டு ஐம்பத்தைந்து ஆனது. அதற்குமேல் ஏறவே இல்லை. அங்கிருக்கும் ஊழியர்களுக்கு அக்கறை போதவில்லை என்று இரண்டு கூட்டங்களில் அவளே பேசியிருக்கிறாள். பாவம், அவர்களுக்கு அவள் கொடுத்தது பாதி மருந்துதான்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது லியோவிடம் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "சரி, இப்ப என்னா செய்யப் போற?" என்றான்.

"எழுதத்தான் போறேன்."

"யாருக்கும் தெரியாது பிரியா. கேக்கவும் மாட்டாங்க. ஆண்டறிக்கையில வந்த நம்பர். பொய்யும் இல்ல."

"தெரியும். ஆனா தெரிஞ்சதுக்கு அப்பறம் அத எப்பிடிப் போடறது? கை வரல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் இல்லாம, எனக்கு இதுதான் அதவிட நல்ல கதையாத் தோணுது" என்றாள்.

மறுநாள் இருசம்மாளுக்குப் போன் செய்தாள். கடிதத்தில் பெயரைப் போடலாமா என்று கேட்டாள்.

"எம் பேரா? எதுக்கு மேடம்? பேரப் போட்டா திட்டு வருமா?"

"வராது. வந்தா எனக்குத்தான் வரும்."

"இருசம்மாள்னு முழுசா போடுங்க. இருசின்னு போட்டுறாதீங்க."

செந்தமிழ்செல்வனிடமும் கேட்டாள். சர்க்குலரைக் கிடப்பில் போட்டது வெளியே வருமே என்று அவருக்குப் பயம் இருந்தது. அந்தத் தவறு தன்னுடையது என்றுதான் எழுதப்போவதாகச் சொன்னதும் சம்மதித்தார்.

மூன்றாவது வரைவு இப்படி இருந்தது:

'நான் இந்த அறக்கட்டளையில் பதினேழு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். இயக்குநர் பொறுப்புக்கு விண்ணப்பிக்கிறேன்.

சிதம்பரம் மையத்தின் வருகை 51 விழுக்காட்டிலிருந்து 81 ஆனது என் பணி என்று நம் அறிக்கைகள் சொல்கின்றன. இக்கடிதத்துக்காகப் பதிவேடுகளைப் பார்த்தபோது அது சரியல்ல என்று தெரிந்தது. முதல் 21 புள்ளிகள் திருமதி இருசம்மாள் செய்த மாற்றத்தால் வந்தவை என்றே பதிவேடுகள் காட்டுகின்றன. ஒரே பஸ்ஸில் வரும் தாய்மாருக்கு அவர் ஒரே நாளை ஒதுக்கினார். அதற்கேற்பச் சிகிச்சை முறையை மாற்றியமைத்தவர் திரு. செந்தமிழ்செல்வன். அந்த மாற்றத்தை நிறுத்தச் சொல்லி நான் சுற்றறிக்கை அனுப்பினேன். நல்லவேளையாக அது நடைமுறைக்கு வரவில்லை. நான் தொடங்கிய தொலைபேசி ஏற்பாட்டால் கிடைத்தது 9 புள்ளிகள். மங்கலம்பேட்டையில் அதே ஏற்பாடு தனியாக 7 புள்ளிகள் தந்தது. ஆகவே இந்த அளவுக்கு மட்டும் உரிமை கொண்டாடுகிறேன்.

மூன்று மையங்களுக்கும் பயிற்சி பெற்ற பணியாளர்களைத் தேர்ந்து நிலைக்கச் செய்தது, பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் முறையைத் தொடங்கி 212 குழந்தைகளில் 190 பேரை விடாமல் காத்தது ஆகியவை என் திட்டமிடலில் நடந்தவை. இவற்றையும் பதிவேடுகளோடு சரிபார்த்திருக்கிறேன்.

அடுத்த ஐந்து ஆண்டுகளில் இரண்டு புதிய மையங்கள் திறக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கு முன், இருக்கும் மையங்களில் எது உண்மையில் வேலை செய்கிறது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பாய் விரிப்பவருக்குத் தெரிந்தது மேலாளருக்கு வந்து சேர ஏழு ஆண்டு ஆனது. அந்தத் தூரத்தைக் குறைப்பதை என் முதல் வேலையாக எடுத்துக்கொள்வேன்.'

படித்துவிட்டு லியோ ஒரு இடத்தில் விரலை வைத்தான். "'நல்லவேளையாக'ன்னு இருக்குல்ல, இது இருக்கட்டும்" என்றான்.

இருபத்துமூன்று விண்ணப்பங்கள் வந்தன. நான்கு பேரை நேர்காணலுக்கு அழைத்தார்கள். பிரியாவும் அதில் இருந்தாள். அவளுக்கு முன்னால் உள்ளே போய்வந்தவர் சென்னையில் ஒரு பெரிய தொண்டு நிறுவனத்திலிருந்து வந்தவர். வெளியே வரும்போது நம்பிக்கையோடு சிரித்தார்.

அறங்காவலர்களில் ஒருவரும் தேர்வுக்குழுத் தலைவருமான திருநாவுக்கரசு சிதம்பரத்தில் கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பக்கத்தில் குழந்தை மருத்துவர் ஜான்சி. மூன்றாவதாக, அறக்கட்டளைக்கு வெளியிலிருந்து அழைக்கப்பட்ட மனிதவள ஆலோசகர் பழனிவேல். மூன்று பேர் முன்னாலும் அவள் கடிதத்தின் நகல் கிடந்தது.

பழனிவேல்தான் ஆரம்பித்தார். "உங்க பெரிய சாதனைய நீங்களே குடுத்துட்டீங்க. நேர்மையா இருக்கேன்னு காட்டிக்கறதுக்காக எழுதுனதா இது?"

கேள்வி சுட்டது. ஆனால் அவளும் அதைத் தன்னிடம் கேட்டுப்பார்த்திருந்தாள்.

"அப்படி நெனைக்க எடம் இருக்கு சார். அதனாலதான் பதிவேட்டோட நகல இணைச்சிருக்கேன். என்னை நம்புங்கன்னு சொல்லல. அத பாருங்கன்னு சொல்றேன்."

டாக்டர் ஜான்சி தாளைப் புரட்டினார். "அந்த ஒன்பது புள்ளிகூட போனாலதான் வந்துச்சுன்னு எப்படித் தெரியும்? பஸ் நாள் ஏற்பாடே மேல ஏறிக்கிட்டிருந்திருக்கலாமே?"

"இருக்கலாம் மேடம். உறுதியா தெரியாது. மங்கலம்பேட்டையில போன் மட்டும் வெச்சி ஏழு புள்ளி வந்துச்சு. அத வெச்சி ஓரளவு சொல்றேன். அதுக்கு மேல சொன்னா மறுபடியும் பழைய தப்புதான்."

திருநாவுக்கரசு கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ஏழு வருஷமா நிதி குடுக்கறவங்ககிட்ட நாங்க சொல்லிட்டு வந்த கதை இது. இப்ப நாங்களும் தெரிஞ்சிக்கிட்டோம். அவங்களுக்கு யார் சொல்றது?"

"நான்தான் சார். இந்தப் பதவி கெடைச்சாலும் கெடைக்காட்டியும், மேலாளரா அந்த அறிக்கைய எழுதுனது நான். திருத்தம் எழுதி, உங்க ஒப்புதலுக்காகக் கொண்டுவந்திருக்கேன்." பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

பழனிவேல் அதைப் படித்தார். பிறகு, "ஒரு சுத்தறிக்கை அனுப்பி, அது நடந்துச்சா இல்லையான்னு ஏழு வருஷம் பாக்காத மேலாளர இயக்குநராக்கலாமா?" என்றார்.

"அது நியாயமான கேள்விதான் சார்" என்றாள் பிரியா. "மாசம் ஒரு தடவ அந்த மையத்துக்குப் போயிருக்கேன். போன ஒவ்வொரு தடவையும் நான் சொல்ல வேண்டியத சொல்லிட்டு வந்தேன். கேட்டது கம்மி."

பத்து நாள் கழித்துத் திருநாவுக்கரசு போன் செய்தார். அறங்காவலர் குழு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. "தேர்வுக்குழுவுல ரெண்டுக்கு ஒண்ணும்மா. யாரு எதிர்த்தாங்கன்னு சொல்லமாட்டேன். ஆனா அவங்க சொன்னதுலயும் அர்த்தம் இருக்கு. அதனால ஒரு வருஷம் தகுதிகாண் காலம். ஆறு மாசத்துல மங்கலம்பேட்டை பத்தி எங்களுக்கு அறிக்கை வேணும்."

"சரிங்க சார்" என்றாள். போனை வைத்ததும் லியோவுக்குச் சொன்னாள். பிறகு இருசம்மாளுக்கு. இருசம்மாள் முதலில் கேட்டது, "எம் பேரு சரியா போட்டீங்களா?" என்றுதான்.

நிதி கொடுப்பவர்களுக்குத் திருத்தக் கடிதம் போனது. ஒருவர் கோபப்பட்டார். ஒருவர் அதை நான்கு நாள் கழித்துப் படித்துவிட்டு, அந்தப் பஸ் நாள் விஷயத்தை விரிவாக எழுதி அனுப்பமுடியுமா என்று கேட்டார். மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை.

ஜனவரியில் பொறுப்பேற்ற முதல் வாரமே பிரியா மங்கலம்பேட்டைக்குப் போனாள். பஸ் நாள் அட்டவணை ஒன்றைக் கையோடு போட்டுக்கொண்டு போயிருந்தாள். மையப் பொறுப்பாளர் ஸ்ரீமதி அதைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்.

"மேடம், இங்க அம்மாங்க பஸ்ல வர்றது கம்மி. வண்டியிலதான் கொண்டாந்து விடறாங்க. வீட்டுக்காரருக்கு என்னிக்கி வேலை இல்லியோ அன்னிக்கிதான் வருவாங்க."

பிரியா அட்டவணையை மடித்துப் பைக்குள் வைத்தாள். கூடத்தில் ஏழெட்டுத் தாய்மார்கள் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு ஓரமாக இருந்த ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க எந்த ஊருலேர்ந்து வர்றீங்க? இன்னிக்கி யாரு கொண்டாந்து விட்டாங்க?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் சொல்ல ஆரம்பித்தாள்.